டர்பன் செய்முறைத் தேர்வு: கோழி, மின்ஸ், மீன் எந்தச் சூட்டில் இறங்க வேண்டும்?

ஊரில் கோழி வெந்ததா என்று பார்க்கக் கரண்டியும் கண்ணுமே போதும். சதை எலும்பை விட்டுக் கழன்றால் வெந்தது, எண்ணெய் பிரிந்தால் குழம்பு தயார். டர்பனுக்கு வந்து உணவகச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் உணவுப் பாதுகாப்புச் செய்முறைத் தேர்வில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அங்கே கண்ணுக்கு மதிப்பெண் இல்லை. ஊசித் தெர்மாமீட்டரை எங்கே குத்தினீர்கள், எண் என்ன காட்டியது, அதைப் பார்த்து என்ன செய்தீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் கவனிக்கிறார்.

மனத்தில் நிறுத்த வேண்டிய எண்கள் மூன்று. கோழி 74 டிகிரி, மின்ஸ் எனும் அரைத்த ஆட்டு, மாட்டுக்கறி 71, மீன் 63. மூன்றும் செல்சியஸ், மூன்றும் கறியின் நடுப்பகுதிக்கான சூடு, எண்ணெயின் சூடோ ஓவனின் சூடோ அல்ல. இவை அமெரிக்க வேளாண்மைத் துறை வீட்டுச் சமையலுக்குச் சொல்பவை. சில பயிற்சி ஏடுகளில் கோழிக்கு 75 என்று இருக்கும். பிரிட்டிஷ் வழிப் பாடங்களோ எல்லாக் கறிக்கும் பொதுவாக 70 டிகிரியில் 2 நிமிடம் என்கின்றன. இவை ஒன்றுக்கொன்று முரணானவை என்று குழம்பத் தேவையில்லை. கிருமியைக் கொல்வது சூடும் நேரமும் சேர்ந்துதான். சூடு கூடினால் நேரம் குறையும்: 75 டிகிரியில் 30 விநாடி செய்யும் வேலையை 70 டிகிரி செய்ய 2 நிமிடம் ஆகும், 65 டிகிரிக்கு 10 நிமிடம் வேண்டும். உங்கள் பாட ஏட்டில் உள்ள எண்ணையே தேர்வில் சொல்லுங்கள். ஆனால் 70 என்று சொன்னால் 2 நிமிடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். முள் 70-ஐத் தொட்ட உடனே இறக்குவது தவறு.

குத்துவதற்கு முன்னால் தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நொறுக்கிய ஐஸை ஒரு டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஊசி டம்ளரின் அடியிலோ சுவரிலோ படாமல் நடுவில் நிற்கட்டும். எண் அசையாமல் நின்றதும் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர்களும் உண்டு. டர்பன் கடலோரம் என்பதால் இங்கே தண்ணீர் 100-இல் கொதிக்கும், அது செல்லும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அங்கே சுமார் 94-லேயே கொதித்துவிடும். இது தெரியாத ஒருவர், முள் 94 காட்டுகிறதே, கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, டயலின் அடியில் உள்ள நட்டைத் திருகி 100-க்குக் கொண்டுவந்து விடுகிறார் என்று வையுங்கள். அன்றிலிருந்து அந்தக் கருவி 6 டிகிரி கூட்டியே காட்டும். 68-இல் இருக்கும் கோழித் தொடை 74 என்று தெரியும், தேறியதாக எழுதிப் பரிமாறிவிடுவார்கள். ஐஸ் எந்த ஊரிலும் ஒன்றுதான், அதையே பயன்படுத்துங்கள்.

இனி ஒரு தேர்வுக் காட்சி. ஓவனிலிருந்து எட்டுத் தொடைத் துண்டுகள் கொண்ட ட்ரே வெளியே வருகிறது. மேல்தோல் நன்றாகச் சிவந்திருக்கிறது, மசாலா மணக்கிறது. முதல் துண்டு 77 காட்டுகிறது, இரண்டாவது 75. ட்ரேயின் நடுவில் இருக்கும் பெரிய துண்டு 72. பலர் முதல் எண்ணை எழுதிவிட்டு நின்றுவிடுவார்கள். எழுத வேண்டியது 72. ஒரு ட்ரேயின் சூடு என்பது அதிலேயே மிகக் குறைவாகக் காட்டும் துண்டின் சூடு. அதனால்தான் தடித்த துண்டைத் தேடிக் குத்த வேண்டும். ஊசி எலும்பைத் தொட்டுவிட்டாலும் எண் பொய்யாகும், கொஞ்சம் பின்னிழுத்துச் சதையின் நடுவில் நிறுத்துங்கள். முழுக்கோழி என்றால் தொடையின் உட்பக்கம், நெஞ்சின் தடித்த பகுதி இரண்டையும் பார்க்க வேண்டும்.

72 வந்தால், ஆறும்போது சூடு ஏறிவிடும் என்று சமாதானம் சொல்லாதீர்கள். பெரிய ரோஸ்டுக்கு அது ஓரளவு நடக்கும், சின்னத் தொடைத் துண்டில் அதை நம்ப முடியாது. ட்ரேயைத் திரும்ப ஓவனுக்குள் வையுங்கள். ஊசியை வெந்நீர் சோப்பில் கழுவி, கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். வேகாத கறியில் போன ஊசி அப்படியே வெந்த கறிக்குள் போனால் கிருமியை நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்தது போலாகும். சில நிமிடம் கழித்து அதே துண்டை மறுபடி அளந்து, 74-ஐத் தாண்டினால் பதிவுத் தாளில் 72, திரும்ப ஓவன், பிறகு 76 என்று இரண்டு எண்ணையும் எழுதுங்கள். முதல் எண்ணை அடித்து மறைப்பதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். இளம் கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து இறங்கும் சிவப்பால், 74-ஐத் தாண்டிய கறிகூட எலும்பருகே இளஞ்சிவப்பாகத் தெரியும். மின்ஸில் இதற்கு நேர்மாறு: 71-ஐ எட்டும் முன்பே உள்ளே பழுப்பாகிவிடும். நம் மசாலாவில் மஞ்சளும் மிளகாயும் சேர்ந்த பிறகு நிறம் பார்த்துச் சொல்லவே முடியாது.

மின்ஸ் ஏன் இவ்வளவு கண்டிப்பு? முழுத் துண்டு மாட்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், கல்லில் பட்டதும் செத்துவிடும். அரைத்துவிட்டால் வெளியே இருந்தது நடுவுக்கும் போய்விடுகிறது. கெபாப், கோஃப்தா, பர்கர் எல்லாமே இந்தக் கணக்குத்தான். இங்கே தெர்மாமீட்டரால் ஒரு சிக்கல் வரும். டயல் வகைத் தெர்மாமீட்டரில் சூட்டை உணரும் பகுதி நுனியில் மட்டும் இல்லை, தண்டில் 5 சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டிருக்கும். 2 சென்டிமீட்டர் தடிமனான கெபாபில் மேலிருந்து குத்தினால் உணரியில் பாதிக்கு மேல் வெளியே காற்றில் நிற்கும், எண் தவறாகும். பக்கவாட்டிலிருந்து நடுவுக்குக் குத்துங்கள். மின்ஸ் குழம்பிலும் கிரேவியை அளந்து ஏமாறாதீர்கள். கிரேவி 90 காட்டும், உள்ளே உடையாமல் கிடக்கும் கட்டி 60-இல் இருக்கும். மிகப் பெரிய கட்டியைத் தேடி அதன் நடுவில் குத்துங்கள்.

மீனுக்கு 63 போதும். ஹேக் துண்டில் அந்தச் சூட்டில் சதை கண்ணாடித்தன்மை போய் வெளுத்து, முள்கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரியும். பத்திரமாக இருக்கட்டும் என்று 75-க்குக் கொண்டுபோனால் ஆபத்தில்லைதான், ஆனால் சக்கையாகிவிடும், சமையல் மதிப்பெண் போய்விடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்னூக், சூரை போன்ற மீன்களை வெயிலில் விட்டுவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். அதை எந்தச் சூடும் அழிக்காது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிக்கும், தலைவலிக்கும். 63 காட்டியது என்ற பதில் அங்கே உதவாது. வாங்கியதிலிருந்து குளிரில் இருந்ததா என்பதைத்தான் காட்ட வேண்டும்.

வெந்த பிறகு பரிமாறும் மேசைக்கு வேறு எண். தென்னாப்பிரிக்காவின் 2018 உணவுக்கூட விதிமுறை, ஆர் 638, சூடாக வைக்கும் உணவின் நடுச்சூடு 60-க்குக் குறையக்கூடாது என்கிறது. இதை வேகவைக்கும் சூடாக எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். 60-இல் எடுத்த கோழி வேகாத கோழி. 74-இல் எடுத்து, மேசையில் 60-க்குக் குறையாமல் காத்த கோழிதான் பரிமாறத் தகுந்தது.