கோலப் பக்கத்தில் இரண்டு வகை கேப்ஷன்: கமெண்ட்டா, சேவா?

இன்ஸ்டாகிராமில் நான் நடத்துவது ஒரு சின்னப் பக்கம். புள்ளிக் கோலங்கள் மட்டும்தான், கிட்டத்தட்ட 2,400 பேர் பின்தொடர்கிறார்கள். படம் எடுக்கும் கோணம், வெளிச்சம், அரிசி மாவா கல் மாவா என்பதிலெல்லாம் போதுமான அளவு மண்டையை உடைத்தாயிற்று, அதனால் இந்த முறை கேப்ஷனைக் கையில் எடுத்தேன். அதிலும் முதல் வரியை மட்டும். படத்துக்குக் கீழே ஓரிரண்டு வரிதான் தெரியும், மீதி ‘more’ என்பதற்குப் பின்னால் போய்விடும், அதைத் தொட்டுப் படிக்கிறவர்கள் குறைவு. 2,200 எழுத்து வரை எழுத இடம் இருந்தாலும் முதல் வரிதான் வாசல். தமிழில் எழுதினால் அந்த இடம் இன்னும் குறுகிவிடும், நம் சொற்கள் நீளம்.

அ வகை: முதல் வரியிலேயே அளவு. ‘15 முதல் 8 வரை, இடுக்குப்புள்ளி.’ அதற்குப் பிறகு கோலத்தைப் பற்றி நாலு வரி, கடைசியில் ஒரு கேள்வி.

ஆ வகை: முதல் வரியில் கேள்வி. ‘இதை எத்தனை நிமிடத்தில் போடுவீர்கள்?’ அதற்குப் பிறகு அதே மாதிரி நாலு வரி, அளவு கடைசியில்.

அதாவது இரண்டிலும் இருக்கும் சரக்கு ஒன்றுதான், தலையும் வாலும் மட்டும் இடம் மாறுகின்றன. ஹேஷ்டேக், நீளம், பதிவிடும் நேரம் எதையும் தொடவில்லை. அவற்றையும் சேர்த்து மாற்றியிருந்தால் கடைசியில் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

யூடியூபில் தம்ப்நெயிலுக்கு ஒரு வசதி உண்டு, இரண்டு மூன்று படம் கொடுத்தால் பார்வையாளர்களை அதுவே பிரித்துக் காட்டி, எதனால் அதிக நேரம் பார்த்தார்கள் என்று சொல்லிவிடும். இன்ஸ்டாகிராமில் காசு கொடுத்து விளம்பரம் ஓட்டினால் அப்படிப் பிரிக்கலாம், ஆனால் சாதாரணப் படப் பதிவின் கேப்ஷனுக்கு என் ஆப்பில் அந்த வசதி இல்லை. ஒரே படத்தை இரண்டு தடவை போடலாம் என்றால், இரண்டாவது தடவை பார்க்கிறவர் ‘இதைத்தான் நேற்றே பார்த்தோமே’ என்று நகர்ந்துவிடுவார். பதிவிட்ட பிறகு பாதியில் கேப்ஷனை மாற்றலாம் என்றால் அதுவும் ஆகாது, பதிவுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி முதல் நாளே வந்து போய்விடுகிறது, மிச்சத்தை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

அதனால் ஜோடி ஜோடியாகப் போட்டேன். ஒரே மாதிரியான இரண்டு கோலங்கள், அதாவது இரண்டும் இடுக்குப்புள்ளி அல்லது இரண்டும் சிக்குக் கோலம், ஏறக்குறைய ஒரே அளவு. அடுத்தடுத்த இரண்டு நாட்கள், இரவு ஏழு மணி. திங்கள்-செவ்வாய் ஒரு ஜோடி, புதன்-வியாழன் இன்னொரு ஜோடி. வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டேன், அன்று கோலம் தேடுகிறவர்கள் தனிக் கூட்டம். மார்கழியையும் தவிர்த்து ஆவணியிலேயே தொடங்கிவிட்டேன். மார்கழியில் எந்தக் கேப்ஷன் போட்டாலும் சேவ் கொட்டும், அது கேப்ஷனின் பெருமை இல்லை.

எந்தக் கோலத்துக்கு எந்தக் கேப்ஷன் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தேன். இது விளையாட்டு இல்லை. நானே தேர்ந்தெடுத்தால் எனக்குப் பிடித்த கேப்ஷனுக்கு நல்ல கோலமாகப் பார்த்துக் கொடுத்துவிடுவேன், தெரிந்து செய்யாவிட்டாலும் கை அப்படித்தான் போகும்.

எந்த எண்ணைப் பார்ப்பது என்பதையும் தொடங்கும் முன்பே நோட்டில் எழுதி வைத்தேன்: சேவ் எண்ணிக்கையை ரீச்சால் வகுத்து வரும் விகிதம், பதிவிட்டு ஏழு நாள் கழித்து. கோலப் பக்கத்தில் லைக் என்பது பெரும்பாலும் படத்துக்கு விழுவது, கட்டைவிரல் போகிற போக்கில் இரண்டு தட்டு. சேவ் பண்ணுகிறவர் ‘இதை நான் போட்டுப் பார்க்கப் போகிறேன்’ என்று எடுத்து வைக்கிறார். எனக்கு வேண்டியது அவர்தான். வகுக்கும் எண்ணாக வியூஸை எடுக்கவில்லை, ஒரே ஆள் மூன்று தடவை பார்த்தால் அது மூன்றாகக் கணக்காகும். ரீச் என்பது எத்தனை கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது, அதில் ஒருவர் ஒரு தடவைதான். இந்த இன்சைட்ஸ் எல்லாம் பார்க்க புரொபஷனல் கணக்காக மாற்றியிருக்க வேண்டும், அதற்குக் காசு இல்லை.

இப்போது ஒரு ஜோடியைப் பிரித்துக் காட்டுகிறேன், இரண்டும் 15-8 இடுக்குப்புள்ளி. அ வகைக்கு ரீச் 812, லைக் 64, கமெண்ட் 3, சேவ் 41. ஆ வகைக்கு ரீச் 905, லைக் 71, கமெண்ட் 19, சேவ் 27.

முதல் நாள் இரவு பார்த்திருந்தால் ஆ வகைதான் ஜெயித்தது என்று சத்தியம் செய்திருப்பேன். கமெண்ட் சீக்கிரம் வரும், சேவ் மெதுவாக, நாலைந்து நாள் வரைக்கும் ஒன்றிரண்டாக ஏறிக்கொண்டே இருக்கும். ஏழு நாள் என்று முன்பே எழுதி வைத்ததன் பயன் இங்கேதான் தெரிந்தது. முடிவில் சேவ் விகிதம் அ வகையில் 5 சதவீதம், ஆ வகையில் 3 சதவீதம்.

அந்த 19 கமெண்ட்டை உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததுதான் இந்தச் சோதனையிலேயே சுவையான பகுதி. 7 என்னுடைய பதில்கள், இன்ஸ்டாகிராம் அவற்றையும் சேர்த்துத்தான் எண்ணிக் காட்டுகிறது. இதயம் மட்டும் போட்டவர்கள் 2. நான் கேட்ட கேள்விக்கு உண்மையிலேயே பதில் சொன்னவர்கள் 4 பேர் (ஒருவர் ‘பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தா ஒரு மணி நேரம் அக்கா’ என்றார், நேர்மையான பதில்). மீதி 6 பேர் கேட்டது: ‘எத்தனை புள்ளி அக்கா?’, ‘நேர்புள்ளியா இடுக்கா?’, ‘அளவு ப்ளீஸ்’. அளவு கேப்ஷனிலேயே இருந்தது, ‘more’-க்குப் பின்னால். அவர்கள் அங்கே போகவே இல்லை. ஆக, கமெண்ட் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு, தகவல் கிடைக்காதவர்களின் புகார். வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் அது ‘என்கேஜ்மென்ட் ஆறு மடங்கு’ என்று தெரியும். அளவு தெரியாமல் கோலத்தைச் சேவ் பண்ணி என்ன செய்வது? புள்ளியே வைக்க முடியாதே.

ஆனால் இந்த ஒரு ஜோடியை வைத்து முடிவெடுக்க முடியாது. ரீச் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: இரண்டு எண்ணிக்கையையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் கவனிக்கத் தக்கது. 41-ம் 27-ம் சேர்ந்து 68, வர்க்கமூலம் 8.2, இரட்டித்தால் 16.5 அருகில். நம் வித்தியாசம் 14. போதாது. இங்கே ஆ வகையின் ரீச் கொஞ்சம் அதிகம் என்பதால் அ வகைக்குச் சிறிது சாதகமாகச் சொல்லலாம், அப்படியும் எல்லைக் கோட்டில்தான் நிற்கும். அதுவும் இந்தக் கணக்கு இரண்டு கோலமும் ஒரே அளவுக்கு ஆசைப்பட வைக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் கோலத்துக்குக் கோலம் ஆசை மாறும், அதனால் இதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு ஜோடியிலும் எது மேலே வந்தது என்று மட்டும் பார்த்து, வெற்றி தோல்வியை எண்ணினேன். மொத்தம் 9 ஜோடி. அதில் ஒன்றை ஒதுக்க வேண்டி வந்தது. ஆ வகையில் போட்ட மயில் கோலத்தை ஒரு பெரிய பக்கம் தன் ஸ்டோரியில் பகிர்ந்ததில் ரீச் 6,100-க்குப் போய்விட்டது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் பின்தொடராதவர்கள், சேவ் 118. எண்ணிக்கையாகப் பார்த்தால் ஆ வகைக்கு அமோக வெற்றி, விகிதமாகப் பார்த்தால் 2 சதவீதம்கூட இல்லை. கோலத்தில் ஆர்வமே இல்லாத கூட்டமும் உள்ளே வந்ததால் விகிதம் விழுகிறது, அதற்குக் கேப்ஷனைக் குறை சொல்ல முடியாது. எழுதி வைத்த விதிப்படி அதை அ வகையின் வெற்றியாகச் சேர்த்திருக்கலாம், எனக்கு மனசு ஒப்பவில்லை. முடிவைப் பார்த்த பிறகு ஒரு ஜோடியைத் தூக்குவது சரியான பழக்கம் இல்லைதான், ஆனால் இங்கே தூக்குவதால் நஷ்டப்படுவது ஜெயித்துக்கொண்டிருக்கும் அ வகை என்பதால் தூக்கினேன். எல்லாப் பதிவையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி பார்க்காததற்கும் காரணம் இதுதான், இந்த ஒரு மயில் மற்ற எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும்.

மீதி 8 ஜோடியில் 7-ல் அ வகை மேலே. இரண்டு கேப்ஷனுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், 8 தடவை நாணயம் சுண்டி 7 அல்லது அதற்கு மேல் ஒரே பக்கம் விழுவது போலத்தான் இது. எந்தப் பக்கமானாலும் சரி என்று எண்ணினால் 256-ல் 18, அதாவது 7 சதவீதம். ஆய்வுக் கட்டுரைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள். நான் முடிவு செய்வது முதல் வரியில் என்ன எழுதுவது என்பதை, தப்பாகப் போனால் நஷ்டம் எதுவும் இல்லை, இந்த அளவு நம்பிக்கை எனக்குப் போதும். அதோடு காரணமும் கமெண்ட்டில் எழுத்தாகவே கிடைத்துவிட்டது, வெறும் எண்ணாக இருந்தால் இவ்வளவு தைரியம் வந்திருக்காது.

லைக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. கமெண்ட் வந்தால் ரீச் ஏறும் என்று எல்லோரும் சொல்வதால் அதையும் பார்த்தேன்: 8 ஜோடியில் 5-ல் ஆ வகைக்கு ரீச் அதிகம், 3-ல் குறைவு. அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆக, அளவு முதல் வரிக்கு, கேள்வி கடைசிக்கு. இது என் பக்கத்துக்கான விடை, பார்த்துச் செய்கிற விஷயம் என்பதால் இப்படி. ரசித்துவிட்டுப் போகிற படமாக இருந்தால், நாய்க்குட்டிப் படம் மாதிரி, அங்கே பார்க்க வேண்டிய எண்ணே வேறு.

அடுத்து, புள்ளிகள் மட்டும் வைத்த படத்தைக் கடைசி ஸ்லைடாக வைக்காமல் இரண்டாவதாக வைத்துப் பார்க்கப் போகிறேன். அதே ஜோடி முறை, அதே நாணயம். தை பிறந்த பிறகுதான், மார்கழி எண்களை நம்பி எதையும் முடிவு செய்வதாக இல்லை.