1.38 யூனிட் போட்டு 0.70 எடுத்தேன்

ஒருவழியாக நம்பக்கூடிய எண் ஒன்று கிடைத்துவிட்டது. கரண்ட் இருந்தபோது இன்வெர்ட்டருக்குள் போனது 1.38 யூனிட். கரண்டை நிறுத்திய பிறகு பல்பு எரிந்து தீர்த்தது 0.70 யூனிட். ஆக, போட்டதில் திரும்பி வந்தது 51 சதவீதம். போன மாதம் இதே பேட்டரிக்கு, இதே இன்வெர்ட்டருக்கு 62 சதவீதம் என்று கூட்டாளிகளிடம் அளந்துவிட்டிருந்தேன். அந்தப் பெருமையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

சாமான்கள் வழக்கமானவைதான். 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, மூன்று வயது. டிரான்ஸ்பார்மர் வைத்த சைன்வேவ் இன்வெர்ட்டர். உள்ளே போகும் லைனில் ஒரு சப் மீட்டர், வெளியே வரும் லைனில் ஒன்று. இரண்டையும் முதலில் ஒரே லைனில் அடுத்தடுத்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு, ஒரே கணக்கு காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். பேட்டரிக்குள் போகிற, வருகிற கரண்டை அளக்க மைனஸில் ஒரு ஷண்ட். லோடுக்கு 100 வாட் குண்டு பல்பு ஒன்று, 40 வாட் ஒன்று. இந்தக் காலத்தில் குண்டு பல்புக்கு வீரவநல்லூரில் மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. பேனை லோடாக வைத்தால் மீட்டர் கணக்கில் சந்தேகம் வரும், பல்பு என்றால் வராது.

முதல் தடவை சொதப்பியது எளிய விஷயத்தில். சார்ஜ் ஏறும்போது வீட்டு லோடும் இன்வெர்ட்டர் வழியாகத்தானே போகிறது? அம்மா அறையில் பேன் ஓடியதையும் பேட்டரி குடித்த கணக்கில் எழுதிவிட்டேன். அதன் பிறகு, சார்ஜ் ஏற்றும் நாளில் இன்வெர்ட்டர் லைனின் எம்சிபியை இறக்கிவிடுவது என்று வழக்கமாயிற்று. "ஏ ஐயா, ஊருக்கெல்லாம் கரண்ட் இருக்கு, நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன கேடு?" என்பது அம்மாவின் தினசரிக் கேள்வி.

சரி, 62 எப்படி வந்தது? பேட்டரி நிரம்பியதென்று இன்வெர்ட்டர் காட்டும் பச்சை விளக்கை நம்பியதால் வந்தது. ஐந்து மணி நேரம் பல்பு எரித்து 0.70 எடுத்தேன். திரும்ப ஏற்றினேன். 1.12 யூனிட்டில் பச்சை விளக்கு வந்துவிட்டது. வகுத்தால் 62. எழுதி வைத்துவிட்டேன். சந்தேகம் வந்தது அடுத்த சுற்றில்தான். முதல் சுற்றில் ஐந்தாவது மணி முடிவில் லோடோடு 11.9 வோல்ட் நின்றது. இரண்டாம் சுற்றில் அதே பல்பு, அதே நேரம், 11.6. அப்படியென்றால் பேட்டரி நிரம்பாமலே நிரம்பியதாகக் கணக்கு வைத்திருக்கிறேன். குறைவாக ஏற்றி, முந்தைய இருப்பிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டு, நஷ்டம் குறைவு என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சோதனையில் உயிரை வாங்குகிற இடம் இதுதான். தொடங்கும்போது பேட்டரி எந்த நிலையில் இருந்ததோ, முடிக்கும்போதும் அதே நிலையில் இருக்க வேண்டும். வோல்டேஜ் அதைச் சொல்லாது. ஆசிட்டை உறிஞ்சி அதன் கனத்தை, அதாவது கிராவிட்டியை, காட்டும் ஹைட்ரோமீட்டர் சொல்லும், ஆனால் உடனே சொல்லாது. சார்ஜ் ஏறும்போது புதிதாக உண்டாகும் ஆசிட் கனம் என்பதால் அடியில் போய்ப் படிகிறது. நாம் உறிஞ்சுவது மேல்தண்ணி. பேட்டரி நன்றாகக் கொதித்து, குமிழி கிளம்பி, உள்ளே கலந்த பிறகுதான் கிராவிட்டி உண்மையைக் காட்டும். பச்சை விளக்கு வந்தபோது எடுத்துப் பார்த்திருந்தால் 1.225 இருந்திருக்கும், இரண்டாம் சுற்றில் பச்சை விளக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன், அதுதான் இருந்தது. இந்த பேட்டரிக்கு முழுச் சார்ஜ் என்றால் 1.240.

ஆகவே மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாள் சார்ஜிலேயே விட்டு, ஆறு செல்லும் 1.240 வந்து, மணிக்கு ஒரு தடவையாக மூன்று தடவை மாறாமல் நின்ற பிறகு பல்பைப் போட்டேன். 0.70 எடுத்தேன். கிராவிட்டி 1.165 வரை இறங்கியது. பிறகு ஏற்றும்போதும் அதே விதி: மூன்று தடவை 1.240. பச்சை விளக்கு 1.12-இலேயே வந்துவிட்டது, நான் விடவில்லை. கடைசியில் 1.38 யூனிட் போன பிறகுதான் கிராவிட்டி நகராமல் நின்றது. சாரல் காலம், அறையில் 28 டிகிரி, அதனால் வெப்பத்துக்காகக் கிராவிட்டியைத் திருத்தும் வேலை மிச்சம். இதையே சித்திரை வெயிலில் செய்திருந்தால் பத்து டிகிரிக்கு 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும்.

காணாமல் போன 0.68 எங்கே போனது என்று ஷண்ட் சொல்லிவிட்டது. சார்ஜர் 1.38 வாங்கி, பேட்டரிக்குக் கொடுத்தது 1.10தான். 0.28 டிரான்ஸ்பார்மர் சூட்டில் போயிற்று. பேட்டரி 1.10 வாங்கி 0.85 திருப்பிக் கொடுத்தது. ஏறும்போது 13.7 வோல்ட், இறங்கும்போது 12.2 வோல்ட், போதாக்குறைக்குக் குமிழியாகப் போன கரண்ட் வேறு. அந்த 0.85-இல் இன்வெர்ட்டர் 0.15-ஐத் தின்றது. பேட்டரியை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். திருடர்கள் மூன்று பேர், அதில் பெரியவன் சார்ஜர்.

லோடு குறைந்தால் இன்வெர்ட்டர் பங்கு இன்னும் மோசம். ஒன்றுமே மாட்டாமல் ஆன் செய்து வைத்தாலே என்னுடையது 12 வாட் இழுக்கிறது. 28 வாட் பிஎல்டிசி பேன் ஒன்றை மட்டும் ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து போனது 42 வாட். மூன்றில் ஒரு பங்கு இன்வெர்ட்டருக்கே சாப்பாடு. பேனை மாற்றினால் பேக்கப் மூன்று மடங்காகும் என்று சொல்கிறவர்கள் இந்த 12 வாட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வண்ணாரப்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். "லித்தியம் போடுங்க தம்பி, போட்டது அப்படியே வரும்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். லித்தியம் பாஸ்பேட்டில் பேட்டரி நஷ்டம் 5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். என் சார்ஜரும் இன்வெர்ட்டரும் அப்படியே இருந்தால் 0.70 எடுக்க 1.12 போட வேண்டும். 62 சதவீதம்! நான் பொய்யாகச் சொன்ன எண்ணுக்கு உண்மையாகவே போய்ச்சேர ஒரு புது பேட்டரி வாங்க வேண்டும். அதோடு, இந்த சார்ஜரின் வோல்டேஜ் அதற்குச் சரிப்பட்டு வருமா என்பது தனிக் கேள்வி. தள்ளிவைத்தாயிற்று.

ஏனென்றால் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. பேட்டரி நிரம்பி, லோடு ஏதும் இல்லாமல், நிரம்பியது இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஃப்ளோட் சார்ஜில் சும்மா நிற்கும்போதும் உள்மீட்டர் சிமிட்டிக்கொண்டிருந்தது. முகப்பில் 3200 imp/kWh, அதாவது யூனிட்டுக்கு 3200 சிமிட்டல். நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல், சில நிமிடம் இரண்டாவதும் சேர்ந்துவிடும். அரை மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன், 32 சிமிட்டல். அதாவது 20 வாட். நாளுக்கு 0.48 யூனிட், வாரத்துக்கு 3.4. எங்கள் தெருவில் இப்போது வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஐந்து மணி நேரம் கரண்ட் போனால் அதிகம். அந்த 0.70 யூனிட்டுக்காக ஏற்றும்போது 1.38, காத்திருக்கும்போது 3.4. இதையும் சேர்த்தால் 51 சதவீதம் 15 சதவீதமாகிவிடும்.

டைமர் ஒன்று போட்டு, சார்ஜை நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் விடலாம் என்று உற்சாகமாக மாட்டினேன். டைமர் கட் ஆனதும் இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டதென்று நினைத்து, வீட்டு லோடையெல்லாம் பேட்டரிக்கு மாற்றிவிட்டது! சாயங்காலம் வந்து பார்த்தால் பேட்டரி படுத்திருக்கிறது. வீட்டு லைனை நேராக மெயினில் போட ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அப்போது ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக எடுக்காது. "அப்ப யாரு எந்திரிச்சு அதைத் திருப்புவா?" என்று அம்மா கேட்டாள். கரண்ட் போனால் தானாகவே லைனை மாற்றிவிடும் ரிலே ஒன்று வைத்து முடிக்கலாம். காயில் 230 வோல்ட் வேண்டும், அதுவே எத்தனை வாட் தின்னும் என்று அளந்துவிட்டுத்தான் வாங்குவேன். சேஞ்ச் ஓவர் இன்னும் அட்டைப் பெட்டியில்தான் இருக்கிறது.