என் 500 பங்குகளுக்கு காலர் போட்டு எக்ஸ்பைரி வரை போன கதை

என்னிடம் ஒரே கம்பெனியின் பங்குகள் 500 இருந்தன, ஆப்ஷன் சந்தையில் சரியாக ஒரு லாட், அதாவது ஒரு ஆப்ஷன் ஒப்பந்தத்தின் அளவு. விலை 1,500 ரூபாய்க்கு ஏறியிருந்தது. விற்கலாம் என்றால் வாங்கி ஓராண்டு முடிய இன்னும் ஆறு வாரம் பாக்கி. அதற்கு முன் விற்றால் லாபத்துக்கு 20% வரி, பொறுத்தால் 12.5%. ஆனால் அது மகளின் கல்லூரிக்கு வைத்த பணம், விலை சரிந்தால் தாங்காது.

அதனால் காலர் போட்டேன்: சரிவுக்குக் காப்பாக ஒரு புட் வாங்கி, அந்தச் செலவுக்கு ஒரு கால் விற்பது. அடுத்த மாத எக்ஸ்பைரியில், அதாவது ஆப்ஷன் முடியும் நாளில், பங்கை 1,400-க்கு விற்கும் உரிமை தரும் 1,400 புட் ஒன்றைப் பங்குக்கு 26 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த 26 ரூபாயை ஈடுகட்ட எந்தக் கால் ஆப்ஷனை, அதாவது என் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை, விற்பது என்று பார்த்தால் 1,600-க்கு 31 கிடைத்தது, 1,620-க்குச் சரியாக 26. கொஞ்சம் கூடுதல் ஏற்றம் என் கையில் இருக்கட்டும் என்று 1,620-ஐ விற்றேன். பிரீமியம் கணக்கில் செலவு பூஜ்யம், புரோக்கரேஜும் வரியும் மட்டும் கையிலிருந்து போனது.

எக்ஸ்பைரியில் என்ன ஆகும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பங்கு 1,320-இல் முடிந்தால் புட் 80 ரூபாய் தரும், ஆக எனக்கு 1,400. 1,550-இல் முடிந்தால் இரண்டு ஆப்ஷனும் மதிப்பில்லாமல் போகும், எனக்கு 1,550. 1,700 போனால் விற்ற காலில் 80 நஷ்டம், எனக்கு 1,620. அதாவது என் கைக்கு வருவது 7,00,000-க்குக் குறையாது, 8,10,000-ஐத் தாண்டாது.

நான் யோசிக்காமல் விட்டது மார்ஜின், ஆப்ஷன் விற்பவர் கட்டி வைக்க வேண்டிய பிணைத் தொகை. புட் வாங்கி கால் விற்றால், டீமேட்டில் பங்கு இருப்பதைக் கணக்கில் எடுக்காமல், விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியவன் மாதிரிதான் மார்ஜின் கேட்கிறார்கள். அதற்காகப் பங்குகளையே அடமானம் வைத்தேன், மீதிக்கு ரொக்கம். எக்ஸ்பைரி வாரத்தில் விலை 1,650-ஐத் தாண்டியதும் கால் நஷ்டம் ஏறி, மார்ஜின் போதவில்லை என்று மெசேஜ் வந்தது. பங்கில் வந்த லாபம் அந்த நஷ்டத்துக்கு ஈடுதான், ஆனால் அது ரொக்கமாகக் கையில் இல்லையே! வேறு கணக்கிலிருந்து பணம் மாற்றி இரவோடு இரவாகக் கட்டினேன்.

அப்புறம் இன்னொன்று. பங்கு ஆப்ஷன்கள் இங்கே பணமாக முடிவதில்லை, பங்காகவே கொடுக்க வேண்டும். அடமானத்தில் கிடக்கும் பங்கை உரிய நேரத்தில் மீட்காவிட்டால் கொடுக்க முடியாமல் போய், அந்தப் பங்கை நமக்காக ஏலத்தில் வாங்குவார்கள், அந்த விலை நம் தலையில் விழும். எக்ஸ்பைரிக்கு மூன்று நாள் முன்பே மீட்கச் சொல்லி, டீமேட்டில் 500-ம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. பங்கைக் கையிலேயே வைத்திருக்க நினைப்பவர்கள் எக்ஸ்பைரிக்கு முன் அந்தக் காலைத் திரும்ப வாங்கி முடித்துவிட வேண்டும்.

பங்கு 1,668-இல் முடிந்தது. 1,620-க்குப் பங்குகள் போயின, ஓராண்டும் தாண்டியிருந்தது. மேலே இருந்த 48 ரூபாய், 500 பங்குக்கு 24,000, எனக்குக் கிடைக்கவில்லை. கல்லூரிப் பணம் அடுத்த வாரமே கட்டிவிட்டோம்.