தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன தலைப்பு?

ஒக்கி புயல் அடித்து ஒரு வாரம் ஆனபோது, 2017 டிசம்பர் 7-ம் தேதி, குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்துபோய் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. நான் அன்று பத்திரிகையின் செய்தி டெஸ்கில் இருந்தேன்.

எங்கள் நிருபர் 'மீனவர்கள் பேரணி' என்று எழுதி அனுப்பியிருந்தார். நான் அதை 'மீனவர்கள் ரயில் மறியல்' என்று மாற்றினேன். உடனே அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நடந்து வந்ததுதானே பேரணி? மறியல்னு போட்டா ரயில் நின்னதுதான் செய்தியாவும். ஆளு வராதது உள்ளே போயிரும்."

"நடந்து வந்தது பேரணிதான். தண்டவாளத்தில உக்காந்த பிறகு அது மறியல்தானே?" என்றேன்.

என் பக்கம் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஓர் இடத்தில் நின்று கோஷம் போட்டுக் கலைந்தால் ஆர்ப்பாட்டம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் பேரணி, வேலைக்குப் போகாமல் இருந்தால் வேலைநிறுத்தம், வழியை மறித்தால் மறியல். கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்லும் பெயர்கள் இவை. 'போராட்டம்' எல்லாவற்றுக்கும் பொது. எது நடந்தது என்று தெரியாதபோது கை தானாக அதற்குப் போய்விடும். மறியலைப் பேரணி என்று எழுதினால், ரயிலில் மாட்டிக்கொண்ட ஆள் மறுநாள் பேப்பரை நம்புவாரா?

ஆனாலும் நிருபர் சொன்னது இன்னும் உறுத்துகிறது. சொல் சரியாக இருந்தாலும், அதன் பின்னாலேயே வேறு சொற்களின் கூட்டம் ஒன்று வருகிறது. மறியல் என்றதும் அடுத்த வரியில் 'ரயில் போக்குவரத்து பாதிப்பு', பக்கத்துப் பெட்டியில் 'பயணிகள் அவதி'. அவதி என்பது எங்கள் தீர்ப்பு. கரையில் காத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த வார்த்தையை நாங்கள் போடவில்லை. 'மறியலில் ஈடுபட்டனர்' என்று எழுதும்போது, 'திருட்டில் ஈடுபட்டவர்' என்று எழுதுகிற அதே வினைதான். 'மறியல் செய்தனர்' என்றே எழுதலாம், யாரும் எழுதுவதில்லை.

அப்புறம் இன்னொன்று. வேலைநிறுத்தம் என்றால் கூலி கொடுக்கும் முதலாளி ஒருவர் எதிரே இருக்க வேண்டும். சொந்த வள்ளம் வைத்திருப்பவர் கோரிக்கைக்காகக் கடலுக்குப் போகாதபோது அவர் யாருக்கு எதிராக வேலையை நிறுத்துகிறார்? அங்கே நான் 'கடலுக்குச் செல்லவில்லை' என்றே விட்டுவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் வேலைக்கு வராவிட்டால் வேலைநிறுத்தம் என்று போடத் தயக்கம் வருவதில்லை.

அன்று நிருபருக்காக இறங்கிவந்து, முதல் பத்தியில் 'மீனவர்களைத் தேடக் கோரி' என்பதை முன்னால் கொண்டுவந்தேன். சரி, அது நடுநிலையா, அல்லது போன் வந்ததால் கொடுத்த விட்டுக்கொடுப்பா? இப்போதெல்லாம் கோரிக்கையை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு காலம் அகலமுள்ள சின்னத் தலைப்பில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. மறியல் மட்டும் அடங்கிவிடுகிறது.