விண்ணப்பித்த பின் எழுதும் நினைவூட்டல் மடல்: என் அனுபவம்

திருகோணமலையில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம், மூதூர், கிண்ணியாப் பகுதிகளுக்குக் கள உத்தியோகத்தர் தேவை என்று தமிழில் விளம்பரம் செய்திருந்தது. பெப்ரவரி 24ஆம் திகதி மின்னஞ்சலில் விண்ணப்பித்தேன். மார்ச் 10ஆம் திகதி ஆனபோது இரண்டு வாரம் கடந்துவிட்டதே, கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அப்போது அரச சார்பற்ற நிறுவனங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் மாமா, "முடிவுத் திகதி எது பிள்ளை?" என்று கேட்டார். விளம்பரத்தை எடுத்துப் பார்த்தால் மார்ச் 5. விண்ணப்பங்கள் வந்து முடிந்து ஐந்து நாட்கள்தான் ஆகியிருந்தன.

முடிவுத் திகதிக்கு முன்னர் எந்த விண்ணப்பத்தையும் தெரிவுக்கு எடுப்பது அரிது. ஆகவே இரண்டு வாரத்தை நாம் அனுப்பிய நாளிலிருந்து எண்ணாமல், முடிவுத் திகதியிலிருந்து எண்ண வேண்டும். முடிவுத் திகதியே குறிப்பிடப்படாத விளம்பரமாயின், அனுப்பிய நாளிலிருந்து எண்ணலாம். முடிவுத் திகதியிலிருந்து எண்ணினால் எனக்குரிய நாள் மார்ச் 19. போயா விடுமுறையையும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களையும் தவிர்ப்பது நல்லது. அந்நாட்களில் வரும் மடல் மற்றவற்றுக்கு அடியில் புதைந்துவிடும்.

காத்திருந்த ஒன்பது நாட்களில் நான் செய்த பயனுள்ள காரியம், அனுப்பிய மடலைத் திறந்து பார்த்ததுதான். சான்றிதழ்களை நகரிலுள்ள ஒரு கடையில் மிகத் தெளிவாக ஸ்கேன் செய்து வாங்கியிருந்ததால், கோப்பு 25 எம்.பி.யைத் தாண்டியிருந்தது. ஜிமெயில் அந்த அளவுக்கு மேற்பட்ட கோப்பை இணைப்பாக அனுப்பாமல், கூகிள் டிரைவ் சுட்டியாக மாற்றிவிடும். பார்வையிட அனுமதி கொடுக்கவா என்று அது கேட்டதைக் கைப்பேசியில் கவனிக்காமல் அனுப்பியிருந்தேன். அதாவது, என் ஆவணங்களை அவர்களால் திறந்திருக்கவே முடியாது. இதை அறியாமல் "முடிவு என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தால், பிழை என் பக்கம் இருக்க, பதிலை அவர்களிடம் எதிர்பார்த்தவளாகியிருப்பேன்.

கடையில் மீண்டும் சிறிய அளவில் ஸ்கேன் செய்வித்து, 2 எம்.பி.க்குள் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கினேன். பிறகு புதிய மடல் தொடங்காமல், நான் அனுப்பிய பழைய மடலுக்கே பதில் எழுதினேன். அவ்வாறு செய்தால் பதவியின் பெயரைத் தாங்கிய தலைப்பும் முதல் விண்ணப்பமும் கீழே அப்படியே இருக்கும். வாசிப்பவர் எதையும் தேட வேண்டியதில்லை. நான் எழுதியது இது:

"மதிப்பிற்குரிய மனிதவள முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கள உத்தியோகத்தர் (மூதூர், கிண்ணியா) பதவிக்குப் பெப்ரவரி 24ஆம் திகதி விண்ணப்பித்திருந்தேன். என் ஆவணங்கள் அனுமதி தேவைப்படும் சுட்டியாக வந்திருப்பதை இப்போது கவனித்தேன், சிரமத்திற்கு வருந்துகிறேன். அவற்றை இத்துடன் நேரடியாக இணைத்துள்ளேன். விண்ணப்பித்த பின்னர் மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரமும் பெற்றுள்ளேன். அதன் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது. தெரிவு எந்த நிலையில் உள்ளது என்பதைத் தங்களுக்கு வசதியான நேரத்தில் அறியத்தந்தால் நன்றியுடையவளாவேன்."

இதன் கீழ் முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும் இட்டேன். முதல் வரைவில் "இதுவரை எந்தப் பதிலும் கிடைக்கவில்லை" என்றொரு வாக்கியம் இருந்தது. உண்மைதான், ஆனால் வாசிப்பவருக்கு அது முறைப்பாடாகவே கேட்கும் என்று மாமா அடித்துவிட்டார். நிலையைக் கேட்பது வேறு, ஏன் பதிலில்லை என்று கேட்பது வேறு. சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிய வரியை நான் மிகவும் மதிக்கிறேன்; களப் பணிக்கு நேரடியாகப் பயன்படும் புதிய செய்தி ஒன்று இருந்தமையால், மடலுக்குக் கேட்பதைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் வலிந்து சேர்க்க வேண்டாம். மூன்று வாக்கியங்களே போதும்.

இரண்டு நாட்களில், ஆவணங்கள் கிடைத்தன, தெரிவுப் பட்டியல் அடுத்த வாரம் தயாராகும் என்று பதில் வந்தது. ஒரு வரியில் நன்றி எழுதி, அந்த வாரம் முடியும்வரை எதுவும் அனுப்பவில்லை. பட்டியலில் என் பெயர் இருந்தது. நேர்முகத் தேர்வுக்கும் அழைத்தார்கள்.

பதிலே வராதிருந்தால் இன்னுமொரு வாரம் பொறுத்து, அலுவலக நேரத்தில் ஒரு தடவை தொலைபேசியில் கேட்டு, அத்துடன் நிறுத்தியிருப்பேன். "தெரிவு செய்யப்பட்டவர்கள் மாத்திரமே அழைக்கப்படுவர்" என்று விளம்பரத்தில் இருந்தால், அந்த அழைப்பும் வேண்டியதில்லை. ஒரு மடலே எல்லை. வர்த்தமானி மூலம் கோரப்பட்டுப் பதிவுத் தபாலில் போகும் அரச விண்ணப்பங்களுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதே நாம் செய்யக்கூடியது.