ஊசி சொன்ன பொய்

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கத் தொடங்கி எத்தனையோ வருடங்கள் ஆகியும், நுண்துளையால் வாயு வெளியேறும் வீதம் அதன் மூலர்த் திணிவின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறானது என்ற கிரகாமின் விதியைக் கரும்பலகையில் மட்டுமே செய்துவந்தேன். ஒரு தவணையில், கண்ணாடிச் சிறிஞ்சில் செய்து காட்டுவோம் என்று நினைத்தேன்.

ஏற்பாடு எளிது. 50 மில்லிலீற்றர் வாயுவை நிரப்பி, சிறிஞ்சைக் கிளாம்பில் நிமிர்த்தி வைத்து, வாயில் ஊசியை மாட்டுவது. உள்தண்டு தன் பாரத்தாலேயே மெல்ல இறங்கும். 50 இலிருந்து 0 வரை எத்தனை செக்கன் என்று பார்த்தால் போதும். ஒட்சிசனை ஐதரசன் பேரொட்சைட்டிலிருந்து எடுத்தோம். மற்ற வாயுவை, கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஊற்றி நானே முதல்நாள் தயாரித்து வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு அது 'தெரியாத வாயு'. இரண்டையும் கல்சியம் குளோரைட்டுக்கு ஊடாக விட்டு உலர்த்தினோம். இங்கத்தைய ஈரக்காற்றில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்: நீராவியின் மூலர்த் திணிவு 18 தான், அது கலந்தால் கணக்கு கீழே இழுபடும்.

ஒட்சிசனுக்கு 110 செக்கன். தெரியாத வாயுவுக்கு 86.

ஒரு மாணவி உடனே கொப்பியில் எழுதினாள். ஒரே கனவளவு வெளியேற எடுக்கும் நேரம் வீதத்துக்கு நேர்மாறானது என்பதால்,

t₂ / t₁ = √(M₂ / M₁)

86 / 110 = 0.782. அதன் வர்க்கம் 0.611. ஒட்சிசனின் மூலர்த் திணிவான 32 ஆல் பெருக்க 19.6 வந்தது.

"சேர், நியோனா?" என்று கேட்டாள். நியோன் 20.2. அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சிறிஞ்சுக்குள் இருந்தது காபனீரொட்சைட்டு, 44. ஒட்சிசனைவிடப் பாரமான வாயு அதைவிட வேகமாக வெளியேறியிருக்கிறது! மூன்று தரம் திரும்பச் செய்தோம், அதே கதைதான். "நாளைக்குச் சொல்லுறன் மகள்" என்று வகுப்பை முடித்தேன்.

அன்று இரவு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 13 மில்லிமீற்றர் நீளம், உள்விட்டம் கால் மில்லிமீற்றர் அளவு. அது துளையே இல்லை, குழாய். அப்படியொரு நீண்ட ஒடுங்கிய குழாயில் வாயு சுவரோடு உரசி உரசித்தான் போகிறது. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாகுநிலை, மூலர்த் திணிவு இல்லை. காபனீரொட்சைட்டின் பாகுநிலை ஒட்சிசனுடையதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதனால் அது முந்திவிட்டது. கிரகாமின் விதிக்குத் தேவை, மெல்லிய தகட்டில் ஒரு நுண்துளை. வாயு அதைக் கடக்கும்போது உரசிப்போக நீளம் இருக்கக்கூடாது.

அடுத்த நாள் ஊசியைக் கழற்றிவிட்டு, சிறிஞ்சின் வாயில் சமையலறை அலுமினியத் தாளை இறுக்கி ஒட்டினோம். அதில் ஆகமெல்லிய குண்டூசியின் நுனியால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளை. இரண்டு வாயுவுக்கும் அதே தாள், அதே துளை. தாளை மாற்றினால் ஒப்பீடே போய்விடும். ஒட்சிசனுக்கு 100 செக்கன், மற்றதுக்கு 117.

1.17 இன் வர்க்கம் 1.369. 32 × 1.369 = 43.8.

இந்த இடத்தில் பின்வாங்கில் இருந்த ஒருவன் 23.4 என்றான். விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தான். விடைத்தாள்களில் நான் அதிகம் காண்பது இந்தப் பிழையைத்தான். சூத்திரத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லாமல், "எது பிந்தி முடிஞ்சது மகன்?" என்று மட்டும் கேட்டேன். பிந்தி முடிந்தது பாரமானது, ஆகவே விடை 32 ஐவிடப் பெரிதாகத்தான் இருக்கவேண்டும். அவனே அழித்து எழுதினான்.

அவர்களிடம் மறைக்காமல் சொன்ன ஒன்று உண்டு. கிரகாமின் விதியை மூலக்கூற்று அசைவால் விளக்கும்போது, துளை மூலக்கூறுகள் மோதிக்கொள்ளாமல் போகும் சராசரித் தூரத்தைவிடச் சிறிதாக இருக்கவேண்டும். சாதாரண அமுக்கத்தில் அது ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எங்கள் குண்டூசித் துளை அதைவிட எவ்வளவோ பெரிது. அப்படியிருந்தும் விடை சரியாக வருவதற்குக் காரணம், மெல்லிய தகட்டுத் துளையால் பீறிடும் வாயுவின் வேகமும் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக இருப்பதுதான். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் அடர்த்தி மூலர்த் திணிவோடு சேர்ந்தே கூடும், குறையும். துளையின் கதை வேறு, விகிதம் ஒன்று.

நேரத்தில் 3 சதவீதம் பிழைத்தால் வர்க்கத்தில் அது 6 சதவீதமாகும். 117 க்குப் பதில் 120 என்று வாசித்திருந்தால் 46 வந்திருக்கும். அதனால்தான் மூன்று தரம் எடுத்துச் சராசரி பார்த்தோம்.

சரி, 44 என்று வைத்துக்கொள்வோம். "அப்ப காபனீரொட்சைட்டு" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நைதரசு ஒட்சைட்டும் 44, புரப்பேனும் 44 என்று பலகையில் எழுதினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த நியோன் மாணவிதான் எழும்பி, அலுமாரியிலிருந்து சுண்ணாம்பு நீர்ப் போத்தலை எடுத்துவந்தாள். மிஞ்சியிருந்த வாயுவைச் சிறிஞ்சில் எடுத்து அதற்குள் மெல்லத் தள்ளினாள். சில செக்கனில் நீர் பால்போல் வெளுத்தது.