சிலபஸ் தாளை மட்டும் வைத்து கேட் சூழலியல் தேர்வுக்குப் படித்த கதை

எம்.எஸ்சி. விலங்கியல் முடித்த கையோடு கேட் தேர்வில் ‘சூழலியலும் பரிணாமமும்’ தாளை எழுத முடிவு செய்தேன். கேட்டில் EY என்று வரும் தாள் அது. எங்கள் ஊர்ப் பக்கம் அதை எழுதியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. துறையில் போய்க் கேட்டால், “அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா, நெட் எழுது” என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். அந்தத் தாளுக்கு வகுப்பே கிடையாது, லைஃப் சயின்ஸில் சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். அதை நம்பிக் கடையில் ஒரு கைடு வேறு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அது உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் கொண்ட XL தாளுக்கானது. இரண்டும் ஒன்றல்ல. உறையைப் பிரித்துவிட்டதால் திருப்பியும் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் கையில் மிஞ்சியது கேட் தளத்தில் இருந்த சிலபஸ் பி.டி.எஃப். மட்டும்தான். சூழலியல், பரிணாமம், கணிதமும் அளவுசார் சூழலியலும், நடத்தைச் சூழலியல், பயன்பாடு என்று ஐந்து பிரிவுகள். அவற்றின் கீழ் மொத்தம் 24 தலைப்புகள். ஜூலை நடுவில் தொடங்கினேன், தேர்வு பிப்ரவரியில். 24 தலைப்புக்கு 24 வாரம், மீதி ரிவிஷன். சுவரில் அட்டவணை ஒட்டியாயிற்று.

ஏழு வாரம் அப்படியே வீணாகப் போனது.

ஏழாவது வார முடிவில்தான் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். ‘முடித்துவிட்டேன்’ என்று பச்சை டிக் போட்ட தலைப்புகளிலேயே கணக்குக் கேள்வி வந்தால் கை ஓடவில்லை. சிலபஸில் கணிதம் மூன்றாவது பிரிவு, அதில் இருப்பதோ இரண்டே தலைப்பு. அதனால் அதை நவம்பருக்குத் தள்ளி, இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தேன். ஆனால் அது தனியாக நிற்கும் பாடமே இல்லை. மற்ற நான்கு பிரிவுகளுக்கும் அதுதான் கருவி.

எப்படி என்று சொல்கிறேன். முதல் பிரிவில் ‘இனங்கள்-பரப்பளவு உறவு’ என்று இரண்டு சொல்தான் இருக்கும். நான் வரையறையும் வரைபடமும் படித்துவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த உறவின் சூத்திரம் S = cA^z. z மதிப்பு 0.25 என்றால், இனங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகப் பரப்பளவு எத்தனை மடங்காக வேண்டும்? 16 மடங்கு. இதைப் போட மடக்கை தெரிய வேண்டும். மடக்கையோ மூன்றாவது பிரிவில், ‘எளிய சார்புகள்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது. இதேபோல, dN/dt = rN(1 − N/K) என்ற வளர்ச்சிச் சமன்பாட்டில் வேகம் எப்போது உச்சம் என்று கேட்டால் N = K/2 என்று சொல்ல வகைக்கெழு வேண்டும். அதுவும் மூன்றாவது பிரிவில்தான்.

அன்று இரவே சுவரிலிருந்து அட்டவணையைக் கிழித்தேன். சிலபஸைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, மூன்றாவது பிரிவின் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் அது தேவைப்படும் மற்ற வரிகளுக்குப் பென்சிலால் கோடு இழுத்தேன். எந்த வரியில் கோடுகள் அதிகமாக வந்து விழுகின்றனவோ அதை முதலில் படிப்பது என்று முடிவு செய்தேன். அப்படி முதலில் வந்தது, பழைய அட்டவணையில் 11-ஆவது வாரத்தில் இருந்த ‘மக்கள்தொகை மரபியல்’.

அங்கேதான் நன்றாக அடி வாங்கினேன். ஹார்டி-வைன்பெர்க் சமநிலை, கை-வர்க்கச் சோதனை, இரண்டும் வெவ்வேறு பிரிவில் உள்ள சொற்கள். கோடு இழுத்ததால் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். 100 உயிரிகள், AA 30, Aa 40, aa 30. p = 0.5. எதிர்பார்க்கும் எண்ணிக்கை 25, 50, 25. கை-வர்க்கம் 1 + 2 + 1 = 4. மூன்று வகை இருக்கிறது, ஒன்றைக் கழித்தால் சுயேச்சை அளவு 2, அட்டவணை மதிப்பு 5.99, நம்முடைய 4 அதைவிடக் குறைவு, ஆகவே சமநிலையில் இருக்கிறது என்று எழுதினேன். இந்த வகைக் கணக்கை மூன்று வாரம் இப்படியே போட்டேன். சரிபார்க்க ஆள் இல்லை. நூலகத்தில் ஒரு மரபியல் பாடநூலில் தீர்த்துக் காட்டிய கணக்கைப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. p மதிப்பை நாம் அதே தரவிலிருந்து கணித்ததால் இன்னொன்றும் கழிக்க வேண்டும். சுயேச்சை அளவு 1, அட்டவணை மதிப்பு 3.84. விடை தலைகீழ்: சமநிலையில் இல்லை. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆசிரியர் இருந்தால் முதல் நாளே சிவப்பு மையில் சுழித்திருப்பார். அன்று முதல், ஒரு வகைக் கணக்கை யாரோ முழுதாகத் தீர்த்த ஒன்றோடு ஒப்பிடாமல் நான் டிக் போட்டதே இல்லை.

பாடப்பொருள் தேடுவது பெரிய சிரமமாக இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்திலேயே வளர்ச்சிச் சமன்பாடு, இனங்கள்-பரப்பளவு உறவு, ஹார்டி-வைன்பெர்க் மூன்றும் இருக்கின்றன. மேலே வேண்டியதற்கு என்.பி.டெல். காணொளிகள்.

எதைப் படிக்க வேண்டாம் என்பதையும் சிலபஸே சொல்கிறது. முதல் தடவை நான் அதைக் கவனிக்கவில்லை. வகைக்கெழுவுக்கு முன்னால் ‘கான்செப்ட் ஆஃப்’ என்று இருக்கிறது, தொகையீடு என்ற சொல்லே இல்லை. நான் ஒரு வாரம் தொகையீடு போட்டுக்கொண்டிருந்தேன்! இயற்கைத் தேர்வுக்குப் பக்கத்தில் ‘ஒரு லோகஸ், இரண்டு அல்லீல் மாதிரி’ என்று அடைப்புக்குறி. அதற்கு மேல் போக வேண்டியதில்லை. ஆனால் அடைப்புக்குறி ‘முதலியன’ என்று முடிந்தால் உஷார், அங்கே எல்லை போடவில்லை என்று அர்த்தம். அந்த வரிகளுக்கு மட்டும் பழைய வினாத்தாள்களைப் பார்த்து நானே எல்லை போட்டுக்கொண்டேன். இன்னொன்று: முந்தைய ஆண்டு சிலபஸை வைத்துத் தொடங்கியிருந்தால், நீங்கள் எழுதும் ஆண்டில் தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தளம் திறந்ததும் பழைய சிலபஸையும் புதியதையும் வரி வரியாக ஒப்பிட்டுவிடுங்கள்.

செப்டம்பருக்குப் பிறகு திட்டம் வார அட்டவணையாக இல்லை. ஒரு நோட்டு. இடது பக்கம் சிலபஸ் வரி ஒன்றை வெட்டி ஒட்டுவேன். வலது பக்கம் அந்த வரியிலிருந்து வந்த பழைய கேள்விகளின் ஆண்டும் எண்ணும். வலது பக்கம் நிறைந்த வரிக்கு நான்கைந்து நாள், காலியாக இருந்த வரிக்கு அரை நாள். தாவர, விலங்கு இனப்பெருக்க வரிக்கு அந்த அரை நாள்தான் கிடைத்தது. எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை என்பதால், கணக்குக் கேள்வி வந்த வரிகளைச் சிவப்பில் குறித்தேன். கணக்குகளையும் திரையில் மவுஸால் அழுத்தும் கால்குலேட்டரிலேயே போட்டுப் பழகினேன்.

இவ்வளவு செய்தும் ஒரு வரி தப்பியது. நடத்தைச் சூழலியல் முழுவதையும் கதை படிப்பதுபோலப் படித்து முடித்திருந்தேன், அங்கே ஒரு கோடுகூட இழுக்கவில்லை. தேர்வுக்கு ஒன்பது நாள் முன்னால் ‘உறவுத் தேர்வு’ என்ற சொல்லுக்கு வலது பக்கம் எழுதப் போனபோதுதான், ஹாமில்டன் விதி rB > C அதற்குள் இருப்பது உறைத்தது. இதில் r என்பது மரபணு உறவின் அளவு: முழு உடன்பிறப்புக்கு 0.5, பாதி உடன்பிறப்புக்கு 0.25, ஒன்றுவிட்ட உடன்பிறப்புக்கு 0.125. தேனீ போன்றவற்றில் ஒரே தாய் தந்தையின் பெண்களுக்குள் 0.75. இரண்டு நாள் அதற்கே போனது. அந்தப் பக்கத்துக்கும் கடைசியில் சிவப்பு விழுந்தது, நோட்டில் கடைசியாக இழுத்த கோடு அதுதான்.